ஆஃபர் லெட்டரில் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று எழுதியிருக்காது

அக்கா மகளுக்கு மதுரையிலேயே ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. "மாமா, டீம்ல எல்லாரும் சராசரியா மூணு வருஷம் இருக்காங்கன்னு எச்ஆர் சொன்னாங்க" என்றாள். அந்தச் சராசரியை நம்பாதே என்றேன்.

இருவரும் லிங்க்டினைத் திறந்து உட்கார்ந்தோம். டீமில் எட்டுப் பேர். இரண்டு பேருக்கு ஒன்பது வருட சர்வீஸ். மீதி ஆறு பேரும் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. கூட்டி வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று வருடம் வந்துவிடும். எச்ஆர் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் வேலை பார்த்தவர் என்று அங்கே ஒருவர்கூட இல்லை.

அப்புறம் மேனேஜர் அந்தப் பொறுப்புக்கு வந்து எவ்வளவு காலம் என்று பார்த்தோம். நான்கு வருடம். பழைய இருவரும் அவருக்கு முன்பே வந்தவர்கள். அப்படியானால் அவர் வந்த முதல் மூன்று வருடத்தில் சேர்த்த ஆட்கள் எங்கே? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

இதற்கு மேனேஜரைக் குறை சொல்லாத பதில்களும் உண்டு. டீமே சமீபத்தில் பெரிதாகியிருக்கலாம். எச்ஆரிடம் "இது புது இடமா, காலியான இடமா?" என்று கேட்கச் சொன்னேன். காலியாகும் இடம்தான், டீம் எப்போதும் எட்டுப் பேர்தான் என்று பதில் வந்தது. சம்பளம் குறைவாக இருந்து எல்லோரும் போயிருக்கலாம். ஆனால் அதே கம்பெனியில், அதே சம்பளத்தில், அதே ஷிஃப்டில் இயங்கும் பக்கத்து டீமில் பாதிப் பேர் மூன்று, நான்கு வருடக்காரர்கள். அதில் இருவர் இவருடைய டீமிலிருந்து மாறிப் போனவர்கள். கம்பெனியை விடாமல் டீமை மட்டும் விட்டுப் போகிறார்கள் என்றால், அதைவிட எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

நீண்ட சர்வீஸ் மட்டுமே நற்சான்றிதழ் ஆகிவிடாது, நம் ஊரில் குறிப்பாக. இலந்தைக்குளம், வடபழஞ்சி என்று ஐடி பார்க் இருந்தாலும், மாறிப்போக சென்னை அளவுக்குக் கம்பெனிகள் இல்லை. சொந்த வீடு, வயதான அப்பா அம்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் அதிகம். அதனால் வருடத்தோடு பதவியையும் பாருங்கள். அந்த ஒன்பது வருடக்காரர்களில் ஒருவருக்கு, இந்த மேனேஜர் வந்த நாளிலிருந்து பதவிப் பெயர் மாறவே இல்லை.

லிங்க்டினில் எல்லோரும் ஒழுங்காக எழுதி வைப்பதில்லை. அதனால் விலகிப் போன ஒரு பெண்ணிடம் பேசினோம். மேனேஜர் நல்லவரா என்று கேட்டால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். லீவு கேட்டால் என்ன நடக்கும் என்று கேட்டோம். "ரெண்டு நாள் லீவுக்கு, எதுக்குன்னு டீம் குரூப்ல எல்லார் முன்னாடியும் எழுதணும்" என்றார்.

பக்கத்து டீமில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். ஆஃபரை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள். நல்லவேளை, பழைய வேலையில் அவள் இன்னும் ராஜினாமா கொடுத்திருக்கவில்லை.