அப்போஸ்டில் போதும் என்றார்கள், இப்போது எம்பஸி முத்திரை எங்கே என்கிறார்கள்

"டியர் கேண்டிடேட், உங்கள் டிகிரி சான்றிதழின் பின்பக்கத்தில் அமீரகத் தூதரக முத்திரையைக் காணவில்லை. உடனே ஆவன செய்யவும்." துபாயில் எனக்கு வேலை கொடுத்திருக்கும் கம்பெனியிடமிருந்து இன்று காலை வந்த மெயில் இதுதான். காணவில்லையாம்! நான் ஏதோ பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்த மாதிரி. "அப்போஸ்டில் மட்டும் போதும்", அதாவது நம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழில் ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் போதும் என்று கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு அனுப்பியதும் இதே மெயில் ஐடிதான்.

போன் போட்டேன். எச்.ஆரில் ஒரு பெண் எடுத்தார். அவ்வளவு இனிமையாகப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"அப்போஸ்டில் இருக்கு சார். எம்பஸி அட்டெஸ்டேஷன்தான் இல்லை சார்."

"நீங்கதானே மேடம் அப்போஸ்டில் போதும்னு எழுதினீங்க?"

"ஆமா சார். கல்ஃப் எல்லாத்துக்கும் அப்போஸ்டில்தான் சார்."

"அப்ப எம்பஸி எதுக்கு?"

"துபாய்க்கு எம்பஸி வேணும் சார்."

"துபாய் கல்ஃப்ல இல்லையா மேடம்?"

ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பின்னணியில் யாரோ சமோசா ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நான் செக் பண்ணிட்டுச் சொல்றேன் சார்." வைத்துவிட்டார். இன்னும் செக் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது என்னவென்று எனக்கே புரிந்துவிட்டது. அப்போஸ்டில் என்பது 1961 ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் செல்லுபடியாகும் முத்திரை. இந்தியாவில் 2005 முதல் அமலில் இருக்கிறது. ஓமனும் பஹ்ரைனும் உள்ளே இருக்கின்றன. சவூதிக்கு 2022 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அமீரகம், குவைத், கத்தார் மூன்றும் உள்ளே வரவில்லை. இந்த நிறுவனத்துக்கு ரியாத்திலும் ஆபீஸ் உண்டு. ரியாத் போகிறவனுக்கு எழுதிய மெயிலில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எனக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு அப்போஸ்டிலோடு கதை முடிந்தது. எனக்கு அது பாதிக் கிணறுகூட இல்லை.

சரி, இந்தச் சான்றிதழ் யார் யார் கைக்குப் போய்வருகிறது என்று பாருங்கள். முதலில் பல்கலைக்கழகம். "இந்தப் பட்டம் நாங்கள் கொடுத்ததுதான்" என்று, பட்டம் கொடுத்தவர்களே இன்னொரு தாள் தர வேண்டும். அதற்குப் பெயர் ஜெனுயின்னஸ் சர்டிஃபிகேட். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கவுன் மாட்டி, போட்டோ எடுத்துக் கொடுத்தது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று கேட்கக் கூடாது.

அடுத்து மாநில அரசு. தமிழ்நாட்டுப் பட்டம் என்றால் கோட்டையில் தலைமைச் செயலகம், உயர்கல்வித் துறை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த மாநிலமோ அந்த மாநிலம்தான் கையெழுத்துப் போடும். என்னோடு வேலை பார்த்தவன் பிறந்து வளர்ந்தது எல்லாம் மயிலாப்பூர், படித்தது பெங்களூரு. அவன் கர்நாடகாவுக்குத்தான் ஓட வேண்டும்.

மூன்றாவது வெளியுறவு அமைச்சகம். அவர்கள் நம்மிடம் நேராக வாங்க மாட்டார்கள். அங்கீகரித்த சில ஏஜென்சிகள் வழியாகத்தான் போக வேண்டும். 2019 முதல் சென்னையிலேயே செய்கிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு ஐம்பது ரூபாய். ஒப்பந்தத்தில் இல்லாத நாடுகளுக்குப் போடும் சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் பூஜ்யம். ஆமாம், இலவசம். என் ஏஜென்ட் பில்லைப் பார்த்தால் ஏதோ அமைச்சரே நேரில் வந்து ஒட்டிவிட்டுப் போனதாக நினைப்பீர்கள்.

நான்காவது அமீரகத் தூதரகம். இதைத்தான் இன்று காணவில்லை என்கிறார்கள். ஐந்தாவது, அங்கே போய் இறங்கியபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அதற்கு 150 திர்ஹாம்.

இத்தனை பேரில் யாராவது என் மார்க்கைப் பார்த்தார்களா? பார்க்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையே இல்லை. அந்த அப்போஸ்டில் ஸ்டிக்கரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். சதுரமாக இருக்கும். மேலே பிரெஞ்சில் ஒரு தலைப்பு, கீழே பத்து வரி. இரண்டாவது வரியில் கையெழுத்திட்டவர் பெயர், மூன்றாவதில் அவர் என்ன பதவி, நான்காவதில் யாருடைய முத்திரை. எட்டாவது வரியில் ஒரு எண், அதை நெட்டில் போட்டுச் சரிபார்க்கலாம். அந்த இரண்டாவது வரியில் இருப்பது என் பெயர் இல்லை, துணைவேந்தர் பெயரும் இல்லை. மாநில அரசில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயர். அதாவது "இந்த அதிகாரி கையெழுத்து நிஜம்தான்" என்பதோடு அமைச்சகத்தின் வேலை முடிந்தது. அந்த அதிகாரியோ பல்கலைக்கழகத்தை நம்பிப் போட்டார். தூதரகம் அமைச்சகத்தை நம்பும். ஒவ்வொருவரும் தனக்கு முந்தினவரின் கையெழுத்துக்கு மட்டும்தான் ஜவாப்தாரி. அதனால்தான் இடையில் ஒரு படியைத் தாண்ட முடியாது. மாதிரிக் கையெழுத்து அவர்கள் கோப்பில் இருந்தால்தான் ஒப்பிடவே முடியும். புதிதாக வந்த அதிகாரியின் மாதிரி அங்கே போய்ச் சேராவிட்டால் உங்கள் தாள் அப்படியே கிடக்கும்.

இதையெல்லாம் ஏஜென்ட் தம்பியிடம் சொல்லி, "துபாய்னு தெரிஞ்சும் ஏன்ப்பா அப்போஸ்டில் போட்ட?" என்று கேட்டேன். "அண்ணே, கம்பெனி லெட்டர்ல அப்படித்தானே இருந்துச்சு?" சரிதான். "நீ இதையே தொழிலா வச்சிருக்கியே, உனக்குத் தெரியாதா?" "தெரியும்ண்ணே. கஸ்டமர் கேட்டதைத்தானே செய்ய முடியும்?"

தெரியுமாம்! தெரிந்தே காசு வாங்கியிருக்கிறான். கையோடு அடுத்த யோசனையும் சொன்னான் பாருங்கள். "உங்க தம்பிக்கு வேணும்னா டெல்லி எஸ்.டி.எம். ரூட்ல போட்டுடலாம்ண்ணே, சீக்கிரம் முடியும், சீப்." அந்த வழியில் மாநிலக் கல்வித் துறைக்குப் பதிலாக டெல்லியில் ஒரு மாஜிஸ்ட்ரேட் அலுவலகம் முத்திரை போடும். பல்கலைக்கழகத்தை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் வேகம். எல்லா நாடும், எல்லா கம்பெனியும் அதை ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாதபோது முதலிலிருந்து வர வேண்டும். அப்போதும் இவன்தான் நிற்பான், புது பில்லோடு.

ஆக, ஒரிஜினல் மறுபடி கூரியரில் ஏறுகிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மாநில முத்திரை, பக்கத்தில் இந்த ஸ்டிக்கர், இனி தூதரகம் ஒன்று, அங்கே போய் இன்னொன்று. இடம் பிடிக்க இப்போதே துண்டு போட்டு வைக்க வேண்டும் போலிருக்கிறது. சிரிப்புதான் வந்தது.

அனுப்புவதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வைப்போமே என்று தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனால், கலர் காப்பியில் அசோகச் சக்கரம் ஊதாவாக வருகிறது. "அப்படித்தான் சார் வரும்" என்கிறார். ஜிபே இல்லையாம், போர்டு மட்டும் தொங்குகிறது. நோட்டைக் கொடுத்தால் சில்லறை இல்லை என்று கையில் மிட்டாயைத் திணிக்கிறார். இந்தக் காலத்திலும் மீதிக்கு மிட்டாய்! அதுவும் நல்ல மிட்டாயாக இருந்தாலாவது பரவாயில்லை, இருமல் மிட்டாய். எனக்கு இருமலே இல்லை ஐயா!