கொம்பு நீண்ட கடிகாரம்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் மிஷின்கள் நின்றிருக்கின்றன. மாமா கழிவுப் பஞ்சில் கை துடைத்துக்கொண்டிருக்கிறார். திருப்பூரிலிருந்து அக்கா மகன் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளோடு வந்து நிற்கிறான்.

மாமா: வா மாப்பிள்ளை. இந்த வெயிலுக்கு எதுக்கு முழுக்கைச் சட்டை?

மருமகன்: சும்மாதானுங்க மாமா.

மாமா: சும்மாவா? கையை நீட்டு பார்க்கலாம். அட சாமி! என்னடா இது, முருங்கைக்காயில தோசைக்கல்லைக் கட்டியிருக்கே?

மருமகன்: இதுக்குத்தானுங்க முழுக்கை. பொண்ணுக்குப் போட்டோ அனுப்பினேன். "சுவத்துல மாட்டுறதைக் கழட்டிக் கட்டிக்கிட்டீங்களா"ன்னு கேக்குறா.

மாமா: போனைக் கைகிட்டக் கொண்டுபோய் எடுத்திருப்பே. கிட்ட இருக்கிறது அதுல பெருசாத்தான் தெரியும். கண்ணாடி முன்னாடி ரெண்டு எட்டு தள்ளி நின்னு பார்க்கணும். ஆனா இது தள்ளி நின்னாலும் தோசைக்கல்தான்.

மருமகன்: எப்படிங்க? முதல்ல வட்டம் 44 மில்லிமீட்டர் இருக்கிற வாட்சு வாங்கித் திருப்பி அனுப்பினேன். மெலிஞ்ச கைக்கு 40 போதும்னாங்க. இது 40தானுங்க. இதுக்கும் கீழே போனா பாப்பா வாட்சுதான் கட்டணும்.

(மாமா பதில் சொல்லவில்லை. மேசை டிராயரைத் திறந்து வெர்னியரை எடுக்கிறார். இந்த ஊர்ப் பட்டறைக்காரரிடம் சந்தேகம் கேட்டால் முதலில் வெளியே வருவது வெர்னியர்தான். வாய் அப்புறம்தான் திறக்கும்.)

மாமா: சாவிக் குமிழை விட்டுட்டு, குறுக்கே 40. சரி, கடைக்காரன் பொய் சொல்லலை. இப்ப மேலேயிருந்து கீழே, இந்தப் பட்டை மாட்டுற கொம்பு முனையிலிருந்து அந்தக் கொம்பு முனைக்கு... 50.

மருமகன்: அதை யாருங்க பார்த்தா?

மாமா: உன் கைதான் பார்க்குது. கைக்குக் குறுக்கே படுக்கிறது வட்டம் இல்லடா, இந்த 50தான். சரி, உன் கை எவ்வளவு?

மருமகன்: கம்பெனி டேப்புல அளந்தேனுங்க. சுத்தளவு 15 சென்டிமீட்டர்.

மாமா: சுத்தளவு பனியனுக்கு ஆகும். இதுக்கு மேல்தட்டைதான் கணக்கு. ஒரே சுத்தளவுல ஒருத்தன் கை பலகை மாதிரி தட்டையா இருக்கும், இன்னொருத்தன் கை கரும்பு மாதிரி உருண்டையா இருக்கும். அந்த ஸ்டீல் ஸ்கேலை எடு. மணிக்கட்டு மொளிக்கு மேலே, வாட்சு உட்கார்ற இடத்துல குறுக்கே வை. அமுக்காதே. இப்ப குனிஞ்சு பாரு. ஸ்கேலுக்கும் தோலுக்கும் நடுவுல வெளிச்சம் எங்கே தெரிய ஆரம்பிக்குது?

மருமகன்: ரெண்டு ஓரத்துலயும் தெரியுதுங்க.

மாமா: அந்த ரெண்டு இடத்துலயும் பேனாவால ஒரு புள்ளி. ஆங். இப்ப புள்ளிக்குப் புள்ளி... 46. வாட்சு 50, இடம் 46. பக்கத்துக்கு ரெண்டு மில்லி அந்தரத்துல நிக்குது.

மருமகன்: ரெண்டு மில்லிக்கா இந்தக் கூத்து?

மாமா: ரெண்டு மில்லி அதிகமா நான் ஒரு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுத்தா பார்ட்டி என்னை ஊரை விட்டே துரத்துவான். கையைத் திருப்பு. பட்டை கொம்புலேர்ந்து நேரா கீழே இறங்காம, தாவாரம் மாதிரி வெளியே நீட்டிட்டு அப்புறமா வளையுது பாரு. அதுக்கும் தோலுக்கும் நடுவுல என் சுண்டுவிரல் போகுது. நடக்கையில வாட்சு வெளிப்பக்கமா சரிஞ்சிருமே?

மருமகன்: ஆமாங்க! அதுக்காக ஒரு ஓட்டை இறுக்கிக் கட்டுறேன். சாயங்காலம் கழட்டினா மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி தடம்.

மாமா: இரு, இன்னொன்னு பார்க்கணும்.

(வாட்சைக் கழற்றி, மட்டம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட் மேல் மல்லாக்க வைக்கிறார். முதுகு மட்டும் பிளேட்டில் படுகிறது. நான்கு கொம்பு முனைகளும் காற்றில்.)

மாமா: பாரு, கொம்பெல்லாம் அலகு மாதிரி நேரா நிக்குது. முனை பிளேட்டைத் தொடுற அளவுக்கு இறங்கி வளைஞ்சிருந்தா, அளவு கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் கையை அணைச்சுப் பிடிக்கும். காங்கேயங்காளைக்குக் கொம்பு மேலே வளையலாம். வாட்சுக்குக் கீழேதான் வளையணும்.

மருமகன்: அப்ப ஒரு சந்தேகமுங்க. என் சேக்காளி கையும் என்னை மாதிரிதான். அவன் சீக்கோ எஸ்.கே.எக்ஸ் 007 கட்டுறான், டைவர் வாட்சு, 42.5 மில்லி. என்னுதை விடப் பெருசு. ஆனா கச்சிதமா இருக்குதே?

மாமா: அதுல கொம்புக்குக் கொம்பு எவ்வளவுன்னு பாரு.

மருமகன்: (போனில் தேடி) 46ங்க! வட்டம் பெருசு, நீளம் சின்னதா?

மாமா: கொம்பு குட்டை, கீழேயும் வளைஞ்சிருக்கும். வட்டம் கண்ணுக்கு, நீளம் கைக்கு. வட்டம் ரொம்பச் சின்னதாயிட்டா பார்வைக்கு எடுபடாது, அது உன் இஷ்டம். நீளம் இஷ்டத்துக்கு வராது.

மருமகன்: அப்ப 46லயே ஒன்னு வாங்கிடட்டுங்களா?

மாமா: 46 துளைக்கு 46 ஷாஃப்டா? அடிச்சுத்தான் இறக்கணும். நீ 44 பக்கமாப் பாரு. அப்பத்தான் ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் தோல் தெரியும். தோல் பட்டையா, ஸ்டீல் செயினா?

மருமகன்: கல்யாணத்துக்கு செயின்தானுங்க மாமா.

மாமா: அப்ப முதல் கண்ணியையும் பாரு. சிலதுல கொம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டு, மடங்காம விறைப்பா நிக்கும். காகிதத்துல 44ன்னு போட்டிருப்பான், கையில அது 49ஆ உட்காரும். கொம்பு ஓரத்துலயே கீழே தொங்குதான்னு பார்த்து வாங்கு. அந்த அட்டையைக் கொடு.

(மாமா கத்தரியை எடுத்து மூன்று துண்டு வெட்டுகிறார்: 44, 46, 50. ஒவ்வொன்றாக மருமகன் கையில் குறுக்கே வைக்கிறார். 44 அசையாமல் படுக்கிறது. 50இன் இரண்டு முனையும் சிறகு விரிக்கின்றன.)

மருமகன்: நல்லாப் புரியுதுங்க மாமா... ஐயோ, இது பத்திரிகை மாதிரியாச்சே! பொண்ணு பேரைப் பாதியில வெட்டிப்புட்டீங்களே!

மாமா: போச்சாது போ, மாதிரிதானே. 44ல முழுப் பேரும் இருக்குது பாரு. அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுக் கடைக்குப் போ. வாட்சு மேலே வச்சுப் பாரு, கொம்பு அட்டையைத் தாண்டுனா கீழே வச்சுட்டு வா.

மருமகன்: மாமா, உங்க கைக்கும் ஸ்கேல் வச்சுப் பார்க்கட்டுங்களா?

மாமா: எனக்கு எதுக்கு? சம்மட்டி பிடிச்ச கை. பதினேழரை சென்டிமீட்டர்.

மருமகன்: சுத்தளவு பனியனுக்குத்தானுங்களே மாமா.

(ஸ்கேல் வைக்கிறான். உருண்டைக் கை, கொஞ்சம் நகர்ந்ததுமே வெளிச்சம் வந்துவிடுகிறது. புள்ளி, வெர்னியர்.)

மருமகன்: 43ங்க. என்னை விட மூணு கம்மி. இப்ப அத்தை வீட்டுல போட்ட அந்தத் தங்கமுலாம் வாட்சு... கொம்புக்குக் கொம்பு... மாமா, 51ங்க!

மாமா: சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது. மிஷினைப் போடணும்.

மருமகன்: பக்கத்துக்கு நாலு மில்லி மாமா!

மாமா: மெதுவாப் பேசு, உங்க அத்தை சோத்துப்போசி எடுக்க வர்ற நேரம். ஏன் மாப்பிள்ளை, அந்த முழுக்கைச் சட்டை எங்கே தைச்சே?