தடத்துக் கதைக்கு நாலு மார்க்

அக்கா மகளோட சட்டப் பரீட்சை விடைத்தாளை இங்க போட்டதுல இருந்து ஆளாளுக்குப் பாடம் எடுக்கறீங்க. "டெஃபனிஷன் எழுதாம கதை எழுதினா 15-க்கு 4 தான் வரும்"னு ஒரு சீனியர் வேற. நல்லதுங்க. அந்தக் "கதை" என்னன்னு யாராவது படிச்சீங்களா?

கேள்வி, பன்னாட்டு வழக்காற்றுச் சட்டம், அதாவது நாடுகளோட பழக்கத்துல இருந்தே வர்ற சட்டம், எப்படி உருவாகுது என்பது. ரெண்டு சமாச்சாரம் வேணும். அரசுகள் ஒரு காரியத்தைத் தொடர்ந்து செய்யணும். சட்டம் அப்படித்தான் சொல்லுதுன்னு நினைச்சுச் செய்யணும். இந்த ரெண்டாவதுக்குத்தான் ஒப்பினியோ யூரிஸ்னு லத்தீன்ல பேரு. எத்தனை தடவை செஞ்சாங்க என்பது மட்டும் போதாது, என்ன நினைப்புல செஞ்சாங்க என்பதும் வேணும். அம்மிணி இதை ஒரு வழக்கை வெச்சுக் காட்டியிருந்தா.

டாமன் கடலோரம். தாத்ராவும் நகர் ஹவேலியும் உள்ளே தள்ளி இருக்கு. மூணும் போர்ச்சுகீசியர் கையில, நடுவுல இருக்கறது நம்ம மண்ணு. 1954-ல் உள்ளே இருந்த ரெண்டும் கைவிட்டுப் போச்சு. போய் மீட்கலாம்னா இந்தியா வழி விடல. மறு வருசமே போர்ச்சுகல் ஹேக்ல இருக்கற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1960-ல் தீர்ப்பு. சாதாரண ஜனங்க, சிவில் அதிகாரிங்க, சரக்கு, இதெல்லாம் 125 வருசத்துக்கு மேல தங்குதடையில்லாமப் போய் வந்திருக்கு. ரெண்டு தரப்பும் அதை உரிமைன்னே நடத்தியிருக்கு. அதனால அது உரிமைதான். படை, ஆயுதப் போலீஸ், ஆயுதம்? அதுவும் போயிருக்கு. ஆனா அனுமதி வாங்கித்தான் போயிருக்கு. அதனால அதுக்கு உரிமை இல்ல. 1954-ல் பதட்டம் இருந்ததால இந்தியா மறுத்ததும் தப்பில்லன்னு முடிச்சாங்க. ஒரே மண்ணு, ஒரே 125 வருசம், பதில் மட்டும் ரெண்டு.

மனசுல இருந்த நினைப்பை நீதிமன்றம் எப்படிக் கண்டுபிடிக்கும்? கடுதாசியைப் பார்த்துத்தான். எங்க படை முன்அனுமதி இல்லாம பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டறதே இல்லன்னு 1890-ல் கோவாவுல இருந்த போர்ச்சுகீசிய அரசாங்கத்துல இருந்தே எழுதியிருக்காங்க. எழுபது வருசம் கழிச்சு அந்தக் காகிதம் அவங்களுக்கே எதிரா நின்னுச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பாரு தோட்டம்தான் கண்ணுக்குள்ள வந்தது. இட்டேரியில இருந்து கிளுவை வேலி ஓரமா ஒரு தடம் போகும். மேக்காலத் தோட்டத்துக்காரர் முப்பது வருசமா அதுலதான் நடந்தாரு, மாட்டு வண்டி ஓட்டினாரு. ஒரு நாளும் கேட்டதில்ல, நாங்களும் தடுத்ததில்ல. ஆனா போர்வெல் லாரி வரணும்னா முதல் நாள் பொழுதோட வந்து திண்ணையில உக்காருவாரு. "ஏனுங்க மாமா, நாளைக்கு லாரி ஒண்ணு வருது, வேலியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கட்டுமுங்களா?" அப்பாரு காப்பி குடுக்கச் சொல்லித் தலையாட்டுவாரு. பின்னாடி அவரு கிட்ட இருந்து அந்தத் தோட்டத்தை வாங்கினவரு, லாரிக்கும் தடம் வேணும்னு நோட்டீஸ் விட்டாரு. பார்க்கப்போனா எத்தனையோ லாரி போயிருக்குதான். ஆனா அத்தனையும் கேட்டுட்டுப் போன லாரி. அப்பாரு அந்த நோட்டீசை மடியிலயே வெச்சுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. தயவு பண்ணினதுக்கு இதுவான்னு மட்டும் கேட்டாரு.

"அது ரெண்டு நாட்டுக்கு இடையில உள்ள வழக்கம், பொது வழக்காறு இல்ல"ன்னு ஒருத்தர். வாஸ்தவம், ஒத்துக்கறேன். சரி, 1969 வடகடல் வழக்கைப் பாருங்க. கடலடித் திட்டைச் சமதூரக் கோடு போட்டுத்தான் பிரிக்கணும், அது வழக்காறு ஆயிடுச்சுன்னு டென்மார்க்கும் நெதர்லாந்தும் சொன்னாங்க. அப்படிப் பிரிச்ச பதினைஞ்சு உதாரணம் காட்டினாங்க. கோடு போட்டாங்க சரி, சட்டக் கடமைன்னு நினைச்சுப் போட்டாங்களான்னு நீதிமன்றம் திருப்பிக் கேட்டுச்சு. மரியாதைக்குச் செய்யற சடங்கும் தவறாம நடக்குது, அது சட்டம் ஆயிடுமா? வருசா வருசம் மாமன் வீட்டுச் சீர் வருதுன்னு, வராத வருசம் கோர்ட்டுக்கா போறீங்க?

"சட்டம் ஆகறதுக்கு முன்னாடியே சட்டம்னு எப்படி நம்புவாங்க?"ன்னு கேட்டவருக்கு: நல்ல கேள்விங்க. அறிஞர்களே இன்னும் அதுல முட்டிக்கறாங்க. அதை எழுதற புள்ளைக்கு இவங்க என்ன மார்க் போடுவாங்கன்னு நினைச்சாலே பயமா இருக்கு.

அவளுக்கு 4. நாலு வாத்தியார் சொன்ன நாலு வரியை ஒப்பிச்ச பக்கத்து பெஞ்சுக்கு 11. வயித்தெரிச்சல்னு சொல்றவங்க சொல்லிக்கலாம். ஆமா, வயித்தெரிச்சல்தான். எங்க அப்பாரு திண்ணையை அந்தப் புள்ள விடைத்தாள்ல கொண்டு போய் வெச்சிருந்தா. அது மேல சிவப்பு மையில குறுக்குக் கோடு, ஓரத்துல "கதை வேண்டாம்".

மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாம்னேன். "விடுங்க மாமா, அடுத்த தடவை டெஃபனிஷனே எழுதிக்கறேன்"ங்கறா. நேத்து ஈரோட்டுல இறங்கி கைடு வாங்கிட்டு வந்திருக்கா.