என் வேலை அச்சில் இருக்கிறது, வேறு பெயர்களுக்கு எதிரே

ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆசிரியர்கள் ஏழு பேர். அந்த ஏழில் நான் இல்லை. ஒப்பந்தம் முடிந்து போன புராஜெக்ட் அசிஸ்டென்ட்டின் பெயர் விடுபடுவது எங்கள் துறையில் பழகிப்போன அநியாயம்தான். ஆனால் கடைசிப் பக்கத்தில் 'ஆசிரியர் பங்களிப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் செய்த வேலை ஒன்றுகூட விடாமல் அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு யாருடைய பெயருக்கோ எதிரே.

எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்த்த ஆய்வு அது. நாள் முழுக்க கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை. அந்தப் புகையிலும் தூசியிலும்தான் அவர்கள் வியாபாரம். ஸ்பைரோமீட்டரை வைத்து மூச்சை அளப்பது சும்மா ஒரு குழாயில் ஊதவைப்பது இல்லை. நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வேகத்தில், கடைசிச் சொட்டு வரை ஊத வேண்டும். ஊத ஆரம்பித்த முதல் நொடிக்குள் இருமினால் அந்த முறை செல்லாது. செல்லக்கூடிய ஊதல் குறைந்தது 3 வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒருமுறை 2.31 லிட்டர், அடுத்தது 2.22 என்றால் சரி. 2.31-க்கு அடுத்து 1.98 மட்டுமே வருகிறது என்றால் ஓய்வு கொடுத்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக 8 முறைக்கு மேல் கேட்கக் கூடாது. "இன்னாம்மா, எத்தினி வாட்டிதான் ஊதறது, வியாபாரம் போவுது" என்று கோபப்படும் அக்காவைச் சமாதானப்படுத்தி, திருவொற்றியூரிலிருந்து எர்ணாவூர் வரை உட்கார்ந்து ஊதவைத்தது நான். எந்த அளவு தேறும், எது தேறாது என்று பிரித்தது நான். பகுப்பாய்வு செய்து, முடிவுகள் பகுதியின் முதல் வரைவை எழுதியதும் நான்.

அச்சில் என்ன இருக்கிறது? 'கள அளவீடு' என்பதற்கு எதிரே, அந்தச் சாலைக்கு ஒரு நாளும் வராதவரின் தலைப்பெழுத்துகள். 'தரவுச் சீரமைப்பு' என்பதற்கு எதிரே, அந்த எக்செல் கோப்பைத் திறந்தே பார்க்காத ஒருவர். 'முதல் வரைவு' என்பதில் துறைத்தலைவர்.

இப்படி ஏன் ஆகிறது என்பதுதான் விஷயம். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். அதிலும் முதல் சில பெயர்களுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆய்விதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் தொடர்பு ஆசிரியராக இருக்க வேண்டும். அதனால் ஒருவருக்கொருவர் பெயரை அன்பளிப்பாகக் கொடுத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் பெயரைச் சேர்த்தால் போதும். இப்போது பல ஆய்விதழ்கள் ஒவ்வொரு பெயரும் என்ன செய்தது என்று கேட்கின்றன. எதுவும் செய்யாதவருக்கு எதிரே எதை எழுதுவது? ஏதாவது ஒரு வேலை வேண்டுமே. அந்த வேலை பெயரில்லாமல் போனவரிடமிருந்துதான் வரும். அன்பளிப்பு ஆசிரியரும் மறைக்கப்பட்ட ஆசிரியரும் தனித்தனித் தவறுகள் என்று பயிலரங்குகளில் பாடம் நடத்துகிறார்கள். எங்கள் கட்டுரையில் இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

கேட்டால் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நன்றியுரையில உன் பேர் போட்டிருக்கேம்மா, அப்புறம் என்ன?" நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் அந்த நபரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவதுதான் முறை, சார். அதுகூட என்னிடம் கேட்கவில்லை.

இன்னொருவர், ஸ்பைரோமீட்டரைக் கொடுத்து உதவியவர், "படிவத்திலேயே 'வளங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதனால் நான் ஆசிரியர்தான்" என்கிறார். இந்தக் குழப்பத்தைப் பலரும் வசதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பங்களிப்பைக் குறிக்க ஆய்விதழ்கள் பயன்படுத்தும் கிரெடிட் என்ற அந்தப் பட்டியலில் 14 பங்குகள் இருக்கின்றன. நிதி பெற்றது, மேற்பார்வை, கருவி தந்தது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது யார் என்ன செய்தார் என்று விவரிக்க மட்டுமே. யார் ஆசிரியர் என்று அது முடிவு செய்யாது. மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஐ.சி.எம்.ஜே.இ., வைத்திருக்கும் விதிதான் அதற்கு. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். நிதி வாங்கித் தந்தது மட்டும், பொதுவாக மேற்பார்த்தது மட்டும் போதாது என்று அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது.

அதே விதியின் அடுத்த பாதியை யாரும் படிப்பதில்லை. முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்தவருக்கு, எழுதவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வரைவை எனக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டு, "நீ இறுதி வடிவத்தைப் பார்க்கவில்லையே" என்று என்னைக் கழிப்பதற்கு அந்த விதி எழுதப்படவில்லை. மீன்கார அக்காக்களைக் கூட்டி உட்காரவைத்த சங்கத்துப் பெண்மணிக்கு நன்றியுரைதான் சரியான இடம், அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் கேட்பது என் வேலைக்கு உரியதை.

ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி போன் வந்தது. கட்டுரையை ஏற்கும் முன் ஆய்விதழுக்காகப் படித்துப் பார்க்கும் மதிப்பாய்வாளர் கேட்டிருக்கிறார்: சிலருடைய அளவுகளை ஏன் விலக்கினீர்கள், ஆரோக்கியம் குறைந்தவர்களை மட்டும் தள்ளிவிட்டீர்களா? நியாயமான கேள்வி. மூச்சு மோசமாக இருப்பவர்களுக்குத்தான் ஒரே சீராக ஊதுவது கஷ்டம். அவர்களை விலக்கினால் மொத்த முடிவே நல்லபடியாகத் தெரிந்துவிடும். ஏழு ஆசிரியர்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. 150 மில்லிலிட்டர் விதியில் யார் யார் தேறவில்லை, அவர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்குப் போட்டால் என்ன வருகிறது என்று சொன்னது நான், என் பெயர் பட்டியலில் இருக்கிறது என்ற நம்பிக்கையில். சமர்ப்பிக்கும்போது ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் போவது பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். விடுபட்டவருக்கு ஒன்றும் வராது.

"பெயர் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1994-ல் லண்டனில் மால்கம் பியர்ஸ் என்ற மருத்துவர், கருப்பைக்கு வெளியே வளர்ந்த கருவைக் கருப்பைக்குள் மாற்றிப் பிள்ளை பிறந்ததாகக் கட்டுரை வெளியிட்டார். அப்படி ஒரு நோயாளியே இல்லை. அந்தக் கட்டுரையில் துறைத்தலைவர் ஜெஃப்ரி சேம்பர்லெய்ன் பெயரும் இருந்தது. அவர்தான் அந்த ஆய்விதழின் பதிப்பாசிரியர், மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரித் தலைவரும்கூட. மோசடி வெளிவந்ததும் இரண்டு பதவிகளையும் விட்டு விலக நேர்ந்தது. இலவசமாக வந்த பெயரோடு பொறுப்பும் வந்தது.

இப்போது திருத்தலாமா? முடியும், ஆனால் எப்படி என்று கேளுங்கள். வெளிவந்த கட்டுரையில் ஒரு பெயரைச் சேர்க்க, பட்டியலில் இருக்கும் ஏழு பேரின் கையெழுத்தையும் பொதுவாகக் கேட்பார்கள். என் வேலையைத் தங்கள் பெயரில் வைத்திருப்பவர்களின் சம்மதம் எனக்கு வேண்டும்! தகராறு என்றால் ஆய்விதழ் தீர்ப்புச் சொல்லாது, நிறுவனத்தை விசாரிக்கச் சொல்லும். விசாரணைக் குழுவில் யார் உட்காருவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டேன். கூகுள் டாக்கில் யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்ற திருத்த வரலாறு, என் கையெழுத்து உள்ள களப் படிவங்கள், பகுப்பாய்வு நிரல் கோப்புகளின் தேதிகள், அந்த ராத்திரி போனுக்குப் பிறகு நான் அனுப்பிய பதில் மின்னஞ்சல், எல்லாவற்றையும் இணைத்துத் தொடர்பு ஆசிரியருக்கு எழுதிவிட்டேன், நகல் ஏழு பேருக்கும். பங்களிப்புக் குறிப்பை வரிக்கு வரி எடுத்து, இது யார் செய்தது, ஆதாரம் எது என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் அடுத்த கடிதம் நிறுவனத்துக்கும் ஆய்விதழுக்கும் ஒரே நாளில் போகும்.