கடல்பாசி சைவமா?

“சைனா கிராஸ், கராஜீனன் என்பதெல்லாம் மாட்டெலும்பில் செய்த ஜெலட்டின்தான், சைவர்கள் தொடாதீர்கள்.”

இது தவறு. எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுக்கப்படும் ஜெலட்டின் ஒரு புரதம். சைனா கிராஸ் எனப்படும் அகரும் கராஜீனனும் செம்பாசிகளின் செல்சுவரில் உள்ள மாவுப்பொருள் வகைகள். மன்னார் வளைகுடாக் கரையில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என மீனவப் பெண்கள் சேகரிப்பவை, அதாவது ஜெலிடியெல்லா, கிராசிலேரியா இனங்கள், அகருக்கானவை. கராஜீனனுக்கு மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியும், அயர்லாந்துக் கரையில் விளையும் காண்ட்ரஸ் பாசியும் பயன்படுகின்றன. பாசிகளை நிலத்தாவரங்களோடு ஒரே வகையில் சேர்க்கலாமா என்பது வகைப்பாட்டியலார் விவாதிக்கும் கேள்வி. விலங்குப்பொருள் இவற்றில் இல்லை என்பதில் ஐயமில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அகரைக் கொதிக்கவைத்துக் கரைத்து வைத்தால், குளிர்பெட்டி இல்லாமலே ஏறக்குறைய 35 டிகிரியில் உறைந்துவிடும். மீண்டும் உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். ஜெலட்டினோ நம் ஊர் மதிய வெயிலிலேயே தட்டில் நீராகிவிடும், பச்சை அன்னாசித் துண்டு சேர்த்தால் உறையவே உறையாது, ஏனெனில் அன்னாசியின் நொதி புரதத்தை அறுத்துவிடுகிறது.

ஆனால் கடையில் ‘ஜெல்லி’ என்று விற்கும் பொட்டலம் எதுவாகவும் இருக்கலாம். பின்புறம் சேர்பொருள் எண் 406 என்றிருந்தால் அகர், 407 என்றால் கராஜீனன். ஜெலட்டின் பெரும்பாலும் பெயராலேயே குறிக்கப்பட்டிருக்கும்.