பில் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, வால்வு பிளேட் எங்கே?

இன்னொரு முறை யாராவது போனில் "பில்லை அனுப்புங்க சார்" என்று சொன்னால் எனக்கு வெறி பிடித்துவிடும். மெயிலில் அனுப்பியாச்சு, வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சு, ஷெட்டுக்கு வந்த சர்வீஸ் பையன் கையிலும் ஜெராக்ஸ் கொடுத்தாச்சு. வாங்கி ஐந்து மாதம்கூட முழுதாக ஆகாத கம்ப்ரசர். ஒரு வருட வாரண்டி என்று கார்டில் அச்சடித்துக் கொடுத்தது அவர்கள்தான். அது பெங்களூர் பீன்யாவில் என் ஷெட்டில் சும்மா நிற்கிறது. பவுடர் கோட்டிங்குக்கு ஏர் இல்லாமல் ஒன்றும் நடக்காது, பக்கத்து ஷெட் அண்ணன் லைனிலிருந்து ஹோஸ் இழுத்துத்தான் அவசர வேலைகளை முடித்துக் கொடுக்கிறேன். அவர் மனுஷன். கம்பெனிக்காரர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

டேங்கில் காற்று சரியாக ஏறவில்லை என்று புகார் சொன்னதும் முதலில் என்னிடம் கேட்ட கேள்வி, "உங்க லைன்ல லீக் இருக்கும், நல்லா பார்த்தீங்களா?" பார்க்காமல் போன் பண்ணுவேனா? 5 எச்பி, இரண்டு ஸ்டேஜ், 250 லிட்டர் டேங்க். நிமிடத்துக்கு 400 லிட்டர் காற்று தரும் என்று நேம்பிளேட்டே சொல்கிறது. டேங்க் அவுட்லெட்டை மூடிவிட்டு, காலி டேங்கிலிருந்து 10 கிலோ பிரஷர் ஏற்ற 2500 லிட்டர் காற்று வேண்டும், அதாவது ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். புதிதில் ஏழு நிமிடத்தில் ஏறியது. இப்போது கால் மணி நேரம் ஓடியும் 7 கிலோவைத் தாண்டவில்லை. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 120 லிட்டர்கூடத் தேறாது. அவுட்லெட் மூடியிருக்கும்போது என் லைனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மோட்டாரை நிறுத்தினால் கேஜ் முள் அப்படியே நிற்கிறது, ஆக டேங்கிலும் லீக் இல்லை. காற்று போகிற இடம், சிலிண்டர் மேலே வால்வுகள் இருக்கிற ஹெட்தான்.

அதிலும் எந்தப் பக்கம் என்று அந்த மெஷினே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற கூலிங் பைப்பில் ஒரு சின்ன சேஃப்டி வால்வு இருக்கும். அது அடிக்கடி திறந்து காற்றைக் கக்கினால் இரண்டாவது ஸ்டேஜ் வால்வு பிடிக்கவில்லை, காற்று பின்னால் திரும்புகிறது என்று அர்த்தம். முதல் ஸ்டேஜ் வால்வு போயிருந்தால் ஃபில்டர் பக்கமாகக் காற்று வெளியே ஊதும். என்னுடையதில் ஃபில்டர் பக்கம் ஒன்றுமில்லை, நடு வால்வுதான் டப் டப் என்று அடித்தது. அதோடு மெஷினை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் வால்வுத் துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் சேர்ந்து போகும்.

சர்வீஸ் பையன் வந்து ஹெட்டைக் கழற்றினார். நான் சொன்னபடியேதான். இரண்டாவது ஸ்டேஜ் வால்வு பிளேட்டில், திறந்து மூடுகிற மெல்லிய எஃகுத் தகடான ரீட் ஒன்று அடியோடு முறிந்து கிடந்தது. தேயவில்லை, முறிந்திருந்தது. ஹெட்டில் கரி படியவில்லை, ஆயில் கண்ணாடியில் பாதிக்குச் சரியாக இருந்தது, முதல் ஆயில் மாற்றிய பில்லும் இருக்கிறது. இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு அவர் ஜாப் ஷீட்டில் எழுதியது, "சாதாரணத் தேய்மானம், வாரண்டி இல்லை". கேட்டால், "நம்ம கையில ஒண்ணும் இல்ல சார், ஆபீஸ்ல அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்காங்க" என்றார். அவரைத் திட்டி என்ன பயன்? ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத வால்வைத் தேய்ந்தது என்று தீர்ப்புச் சொல்கிறவனைத்தான் திட்ட வேண்டும்.

ஜாப் ஷீட்டில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவே எனக்கு எதிரான சாட்சி. அதனால் கையெழுத்துக்கு மேலே என் கையால் எழுதினேன்: "ரீட் முறிந்துள்ளது. கரி இல்லை. ஆயில் அளவு சரி. தேய்மானம் என்பதை ஏற்கவில்லை." படம் எடுத்துக்கொண்டேன். உடைந்த பிளேட்டை எடுத்துப்போகக் கேட்டார், ரசீது இல்லாமல் தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். ஷெட் வைத்திருக்கிற நம்ம ஆட்கள் எல்லோரும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

அப்புறம் ஆரம்பித்தது காரணங்களின் ஊர்வலம். ஒருத்தர் வோல்டேஜ் ஏற்ற இறக்கம் என்றார். வோல்டேஜ் கெட்டால் மோட்டார் வைண்டிங் எரியும், ஹெட்டுக்குள் இருக்கிற எஃகுத் தகடு எப்படிய்யா முறியும்? இன்னொருத்தர் பில்லில் சீரியல் நம்பர் இல்லை என்றார். டீலர் போட்ட பில்லில் இல்லை, ஆனால் டெலிவரி சலானில் இருக்கிறது, அதே நம்பர் நேம்பிளேட்டில் இருக்கிறது, சலானில் பில் நம்பரும் இருக்கிறது. மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்பினேன், பணம் போன பேங்க் ஸ்டேட்மெண்ட் வரியோடு. கடைசியில் அனுப்பிய கடிதத்தில் இப்படிக் கேட்டேன்:

"இரண்டாவது ஸ்டேஜ் வால்வு பிளேட் முழு செட்டையும் கேஸ்கெட்டோடு, கூலியும் விசிட் சார்ஜும் இல்லாமல், இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும். மறுப்பதானால், வாரண்டியின் எந்த விதியின்படி என்பதையும், முறிவுக்குக் காரணம் என்ன என்ற பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் தர வேண்டும்."

இதில் புரியாதது என்ன இருக்கிறது? பதிலாக வந்தது ஒரு எஸ்எம்எஸ், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது". யாருக்கய்யா தீர்ந்தது?

திரும்பக் கூப்பிட்டால் ஒரு மேனேஜர் சொல்கிறார், நீங்கள் ஜிஎஸ்டி நம்பரில் வாங்கியிருக்கிறீர்கள், நீங்கள் நுகர்வோரே கிடையாது, எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்று. இதைக் கேட்டதும்தான் உண்மையாகவே கொதித்துப்போனேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கமே இருக்கிறது. பழைய சட்டத்திலும் இதே விளக்கம் உண்டு. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில், தானே லேத் ஓட்டிப் பிழைக்கிறவர் உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றுப்போனார், அவருடையது பெரிய அளவு வியாபாரம் என்பதால். அதனால் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்துகிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். ஆனால் நான் தினமும் என் கையால் கன் பிடிக்கிறவன், கூட இரண்டு தம்பிகள், அவ்வளவுதான். ஜிஎஸ்டி நம்பர் ஒன்றைக் காட்டி என்னை வெளியே தள்ள முடியாது.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, புகார் கொடுத்தாச்சு. அங்கே சமரசம்தான் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட ஆணையம். நான் வேலை செய்கிற இந்த பெங்களூரிலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. கடிதத்தின் பிரதி ஸ்பீட் போஸ்டில் அவர்கள் பதிவு அலுவலகத்துக்கும் போயிருக்கிறது, டெலிவரி ஆன ரசீது கையில் இருக்கிறது. 15 நாள் முடிந்த மறுநாள் பிளேட்டையும் ஜாப் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குத்தான் போகப் போகிறேன், இனி போனில் யாரோடும் பேசுவதாக இல்லை.