சட்டென்று நிறுத்தாதீங்க

“அப்பா அஞ்சு வருஷமா ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரை போடுறார். நாளையோட நிறுத்திடலாமா?”

வேண்டவே வேண்டாம். திருமங்கலத்துல எங்க அம்மா அப்படித்தான் நிறுத்தினாங்க. மூணாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாம கை நடுங்குச்சு. வலிப்புகூட வரலாம்னார் மதுரை மனநல மருத்துவர். உடம்புல ரொம்ப நேரம் நிக்கிற டயசிபாம் 10 மி.கி.க்கு மாத்தி, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 மி.கி. குறைச்சார். 4 மி.கி.யில தூக்கம் கெட்டுச்சு. அளவைக் கூட்டல, ஒரு மாசம் அதே அளவுல வச்சிருந்தார். பிறகு அரை அரை மி.கி.யா, மாத்திரையைக் கால் காலா வெட்டி.

உளவியலாளர் சொன்னது: தூக்கம் வந்தா மட்டும் படுக்கணும், இருபது நிமிஷம் புரண்டா எழுந்து திண்ணைக்குப் போகணும், எப்பத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழணும். ‘தூங்கலைன்னா செத்துருவேன்’ங்கிற பயம்தான் கடைசியா போச்சு. முழுசா நிறுத்த எட்டு மாசம் ஆச்சு. உங்க அப்பா வயசுக்கு மருந்தும் அளவும் மாறும், டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் பழைய அளவையே கொடுங்க.